நன்றி நவிலலும் நன்றிக்கு அப்பால் நின்றோரும்
– யாழ்ப்பாணத்துத் திருமண நன்றி அட்டை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு –

ஈழத்துத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நூல்களையும் பத்திரிகைகளையுமே தமது ஆய்வுப்பொருளாகக் கொண்டனர். திருமண அழைப்பிதழ், வாழ்த்துப்பா, இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் கல்வெட்டு ஆகிய சிறு வெளியீடுகள் அண்மைக்காலத்தில் ஓரளவு கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின், குடும்ப வைபவம் முடிந்தபின் வந்தோருக்கு அனுப்பப்படும் நன்றி அட்டை அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. நாலு வரி வாசகமும் ஒரு குடும்பப் படமும் கொண்ட அவ்வட்டை வெறும் உபசாரம் என்றே கொள்ளப்படுகின்றது.

உபசார மொழியே சமூக உறவுகளைத் தெளிவாக வெளிக்காட்டும் இடம் என்பது இக்கட்டுரையின் அடிப்படை. யாருக்கு நன்றி கூறப்படுகின்றது, யாருக்குக் கூறப்படவில்லை, அவ்வாறு கூறப்படாமைக்கு யாது காரணம் ஆகிய மூன்று வினாக்களை ஒரேயொரு அட்டையை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பதே இங்கு நோக்கமாகும். எடுத்துக்கொள்ளப்படும் அட்டை 1974ஆம் ஆண்டு வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற திருமணத்துக்குரியது. அத்திருமணம் இக்கட்டுரையாசிரியரின் குடும்பத்தில் நடைபெற்றது. எனவே அட்டையோடு ஒப்புநோக்குவதற்கு அக்குடும்பத்தாரின் கணக்குக் கொப்பியும், அன்று இளம்பெண்ணாக இருந்த பெரியம்மா ஒருவரின் நினைவுகளும் கிடைத்துள்ளன.

1. சொல்லின் பெயர்ச்சி

முதலில் 'நன்றி' என்னும் சொல்லை நோக்குவோம். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல் எனப் பெயர் பெறுவது. செய்ந்நன்றி என்பது செய்த நன்றி; அதாவது, ஒருவர் மற்றொருவருக்குச் செய்த நன்மை. பழைய வழக்கில் நன்றி என்பது உதவி செய்தவரின் செயலைக் குறித்தது. உதவி பெற்றவர் அதனை அறிந்திருக்க வேண்டும், மறவாதிருக்க வேண்டும் என்பதே அறம். அவர் அதனைச் 'சொல்ல' வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லின் பொருளில் அடங்கவில்லை. பெற்ற உதவிக்கு எதிராகச் செய்யப்படுவது கைம்மாறு எனப்பட்டது. அதுவும் கையினால் ஆவதேயன்றி வாயினால் ஆவதன்று.

இன்று நாம் 'நன்றி' எனும்போது அச்சொல் உதவி பெற்றவரின் பக்கத்துக்கு வந்துவிடுகின்றது. செயலைக் குறித்தது சொல்லைக் குறிப்பதாயிற்று. அட்டைகளின் தலைப்பில் இடம்பெறும் 'நன்றி நவிலல்' என்ற தொடரில் இப்பெயர்ச்சி முழுமை பெற்றுள்ளது. நவிலல் என்பது சொல்லுதல். பழைய பொருளில் வைத்து நோக்கின் 'நன்மையைச் சொல்லுதல்' என்றாகும் இத்தொடர், இன்றைய வழக்கில் கடனைச் சொல்லால் தீர்த்தல் என்னும் கருத்தைப் பெற்றுள்ளது. ஒரு சொல் தானாக இடம்பெயர்வதில்லை. அதனைப் பயன்படுத்தும் மனிதரிடையே உள்ள கொடுக்கல் வாங்கல் முறை மாறும்போதே சொல்லும் மாறுகின்றது. அம்முறை யாது என்பதை இனிக் காண்போம்.

2. அட்டைக்கு முற்பட்ட கணக்கு

யாழ்ப்பாணக் கிராமத்தில் இரு குடும்பங்கள் உறவோடு இருக்கின்றன என்பதைக் குறிக்க, அவற்றிடையே 'போக்குவரத்து' உண்டு என்பர். நன்மை தின்மைக்குப் போய்வருதலே அப்போக்குவரத்து. ஒரு வீட்டில் திருமணம் என்றால் பந்தல் போடுதலும், பலகாரச்சூடும், பொன்னுருக்கும், சமையலும் உறவினர் கூடிச் செய்யும் வேலைகளாகும். இவ்வுழைப்புக்குக் கூலி இல்லை, நன்றியுரையும் இல்லை. இன்று எனது வீட்டில் பலகாரம் சுட்டவளின் வீட்டில் நாளை நான் சுடுவேன் என்பதே கணக்கு. வைபவம் முடிந்தபின் ஓலைப்பெட்டியில் பலகாரம் வைத்து வீடு வீடாக அனுப்புவதும் அக்கணக்கின் ஒரு பகுதியே. காசாகவும் பொருளாகவும் வந்த அன்பளிப்புகள் கொப்பியில் எழுதப்பட்டன. கொடுத்தவர் வீட்டில் வைபவம் வரும்போது அக்கொப்பியைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் கொண்டுபோவது வழக்கம். கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் பிரிக்கவியலாத கடமைகள் என மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட தமது கொடை பற்றிய ஆய்வில் காட்டியது இம்முறைக்கும் பொருந்துவதாகும்.

இம்முறை இயங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் தொடர்ந்து சந்திக்கக்கூடிய தூரத்தில் வாழ வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்நிபந்தனை குலையத் தொடங்கிற்று. ஆங்கிலக் கல்வி கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் போக்குவரத்து ஏற்பட்டமை இவ்விடப்பெயர்வை மேலும் எளிதாக்கிற்று. சம்பளத்தில் வாழும் ஒரு மத்தியதர வர்க்கம் இவ்வாறு உருவாயிற்று. இவ்வர்க்கத்தினரின் திருமணத்துக்கு வருவோருள் அலுவலக மேலதிகாரியும் உடன் வேலை செய்வோரும் இருந்தனர். வரமுடியாதோர் தந்தி அனுப்பினர், காசுக்கட்டளை அனுப்பினர். கோலாலம்பூரிலிருந்து தந்தியடித்தவர் வீட்டுக்குப் பலகாரப் பெட்டி அனுப்புவது இயலாது. அவர் வீட்டுத் திருமணத்தில் பந்தற்கால் நடுவதும் இயலாது. கையினால் ஆற்ற முடியாத கைம்மாற்றைச் சொல்லினால் ஆற்ற வேண்டிய தேவை இங்கேதான் தோன்றுகின்றது.

அத்தேவையை நிறைவேற்றும் கருவி அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்தது. அமெரிக்க மிஷனின் மானிப்பாய் அச்சகத்தையும், 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யையும், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரசாலையையும் நாம் சமயப் போட்டியின் வரலாற்றில் வைத்தே நோக்கிப் பழகியுள்ளோம். இவற்றின் வழிவந்த அச்சுத்தொழில் நாளடைவில் ஊர்தோறும் பரவிச் சிறு அச்சகங்களைத் தோற்றுவித்தது. அச்சிறு அச்சகங்களைத் தாங்கி நின்றவை பெருநூல்களல்ல. அழைப்பிதழ், பற்றுச்சீட்டு, விளம்பரத் துண்டு, கல்வெட்டு முதலிய சில்லறை வேலைகளே. நன்றி அட்டையும் அவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. ஐரோப்பிய மத்தியதர வர்க்கத்தின் கடித ஒழுக்கம் அதற்கு மாதிரியாக அமைந்திருக்கலாம். ஆயினும் மாதிரி கிடைத்தமை மட்டும் ஒரு வழக்கம் வேரூன்றியமைக்குக் காரணமாகாது. அதற்கான தேவை இங்கேயே இருந்தது என்பதுதான் முக்கியம்.

3. அட்டையும் கொப்பியும்

1974ஆம் ஆண்டு அட்டையின் வாசகம் வருமாறு: 'எங்கள் அன்பு மகளின் திருமண வைபவத்திற்கு நேரில் வந்து மணமக்களை ஆசீர்வதித்தோருக்கும், தந்தி, கடித மூலம் வாழ்த்தியோருக்கும், அன்பளிப்புகள் வழங்கியோருக்கும், பல வழிகளிலும் உதவி புரிந்தோருக்கும் எமது உளங்கனிந்த நன்றி.' கீழே பெற்றோர் பெயர், ஊரின் பெயர், திகதி. தமிழ் அட்டைகளைக் கண்டு பழகியோருக்கு இது மிகச் சாதாரண வாசகம். அச்சகத்தில் தொங்கும் மாதிரியைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். ஆயினும் அது உளங்கனிந்து எழுதப்பட்டதல்ல என்று கூறுவதற்கில்லை. பொதுவான சொற்களைக் கொண்டுதான் மனிதர் தமது சொந்த உணர்ச்சிகளை வெளியிடுகின்றனர்.

நன்றிக்குரியோர் இங்கு நான்கு வகையினராக வரிசைப்படுத்தப்பட்டுள்ளனர். வந்தோர், வாழ்த்தியோர், வழங்கியோர் ஆகிய முதல் மூவரும் தாம் செய்த செயலால் இன்னார் எனச் சுட்டப்படுகின்றனர். நான்காம் வகையினர் மட்டும் 'பல வழிகளிலும் உதவி புரிந்தோர்' என்ற மூட்டைக்குள் கட்டப்பட்டுள்ளனர். திருமணத்தை நடத்தி முடித்த உழைப்பு முழுவதும் இந்த மூட்டைக்குள்ளேயே கிடக்கின்றது. அதனை அவிழ்ப்பதற்குக் கொப்பி உதவுகின்றது.

அது பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடிட்ட கொப்பி. முன்பக்கத்திலிருந்து 'வந்த அன்பளிப்பு' எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ 160 பதிவுகள் உள்ளன; ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தொகை அல்லது பொருள். சில பெயர்களின் அருகே பின்னாளில் வேறு மையால் ஓர் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அந்த ஆண்டில் அவர் வீட்டு வைபவத்தில் அது திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். வேறு சில பெயர்களின் அருகே 'ந' என்ற எழுத்து உள்ளது. அது நன்றி அட்டை அனுப்பியமைக்கான அடையாளம் எனப் பெரியம்மா விளக்கினார்.

இவ்விரு அடையாளங்களையும் சேர்த்து நோக்கும்போது அட்டையின் தொழிற்பாடு துலங்குகின்றது. 'ந' பெற்ற பெயர்கள் பாதிக்கும் குறைவானவை. அவற்றுள் பெரும்பாலானவை கொழும்பு, கண்டி, கோலாலம்பூர், இலண்டன் முகவரிகளைக் கொண்டவை. ஊருக்குள்ளே 'ந' பெற்றோர் ஒருசிலரே. பாடசாலை அதிபர், வைத்தியர், தபாலதிபர் போன்றோர். அதாவது போக்குவரத்து உள்ள உறவினருக்கு அட்டை அனுப்பப்படவில்லை. அவர்களுக்கு அட்டை அனுப்புவது உறவைக் குறைத்து மதிப்பதாகவே கருதப்பட்டிருக்கும் என்று பெரியம்மா கூறினார். 'எங்கடை ஆக்களுக்கு ஆர் காட் அனுப்புறது?' என்பது அவரது கேள்வி. திருப்பிக் கொடுத்த ஆண்டுக் குறிப்பும் 'ந' குறிப்பும் ஒரே பெயரின் அருகே சேர்ந்து வரும் இடங்கள் மிகச் சிலவே. எனவே நன்றி அட்டை பழைய கைம்மாற்று முறையை அழகுபடுத்த வந்த அணியல்ல. அம்முறை எட்டாத இடத்தில் அதற்குப் பதிலாக வந்ததாகும்.

கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து செலவுக் கணக்குத் தொடங்குகின்றது. அதன் இறுதியில் 'சுதந்திரம்' என்ற தலைப்பில் ஒரு சிறு பட்டியல் உள்ளது. கட்டாடி, பரியாரி, மேளம் என்றவாறு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேட்டி, அரிசி, காசு எனக் கொடுத்தவை குறிக்கப்பட்டுள்ளன. இப்பட்டியலில் ஒருவருக்கேனும் பெயர் இல்லை. முன்பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை கொடுத்தவருக்கும் பெயர் உண்டு. பின்பக்கத்தில் பந்தலுக்கு வெள்ளை கட்டியவருக்குத் தொழிலின் பெயர் மட்டுமே உண்டு.

இனி இரு பக்கங்களிலும் இடம்பெறாத மூன்றாவது பகுதியினரும் உளர். பலகாரச்சூட்டுக்கும் சமையலுக்கும் வந்த பெண்களே அவர்கள். அவர்கள் கொடுத்தது உழைப்பு, அன்பளிப்பல்ல. அவர்கள் பெற்றது சுதந்திரமுமல்ல. எனவே கொப்பி அவர்களை அறியாது. பெரியம்மா மட்டும் 'விடியப்புறம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினோம்' என்று தொடங்கி ஒவ்வொருவரையும் முறைசொல்லி நினைவுகூர்ந்தார்.

4. படத்தின் எல்லை

அட்டையின் மேற்பகுதியில் குடும்பப் படம் உள்ளது. மணமக்கள் நடுவில், இருபுறமும் கதிரைகளில் பெற்றோரும் மூத்தோரும், முன்னே பாயில் சிறுவர், பின்னே நிற்போர். மொத்தம் 27 பேர். இத்தகைய படத்தில் யார் இடம்பெறுவது என்பதை உறவுமுறை மட்டும் தீர்மானிப்பதில்லை. படத்தை அட்டையில் ஏற்றும் தொழில்நுட்பமும் அதனைத் தீர்மானிக்கின்றது.

அக்காலத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, படத்திலிருந்து உலோக புளொக் செய்வித்து ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சடிப்பது. புளொக்கில் படம் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிக்கப்படுகின்றது. மற்றையது, ஸ்ரூடியோவில் புரோமைட் தாளில் ஒவ்வொரு பிரதியாகப் படமாகவே எடுப்பது. இதில் வாசகமும் தனியே எழுதிப் படம்பிடிக்கப்பட்டு, குடும்பப் படத்தின் நெகற்றிவுடன் சேர்த்து அதே தாளில் பதிக்கப்படும்.

எமது அட்டையில் படத்தின் அகலம் 11 சதமமீற்றர். நடுவரிசையில் ஒன்பது கதிரைகள் உள்ளன. கதிரைக்கு 55 சதமமீற்றர் எனக் கொண்டால் அவ்வரிசையின் அகலம் ஐந்து மீற்றரளவில் வரும். அதாவது உண்மை அளவில் 45இல் ஒரு பங்காக எல்லாம் சுருங்கிவிடுகின்றன. இருபத்திரண்டு சதமமீற்றர் உயரமான முகம் அட்டையில் ஐந்து மில்லிமீற்றர். பத்திரிகைத் தாளுக்குரிய, அங்குலத்துக்கு 65 வரி கொண்ட பருமனான புளொக்கில் அந்த முகத்துக்குக் கிடைப்பவை மேலிருந்து கீழாக ஏறத்தாழப் பன்னிரண்டு புள்ளிகள். பன்னிரண்டு புள்ளிகளில் இது ஒரு முகம் என்பது தெரியும். யாருடைய முகம் என்பது தெரியாது. இரட்டிப்பு நுண்மையுடைய புளொக்குக்கு வழவழப்பான உயர்தரத் தாள் வேண்டும். 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின்கீழ் அத்தகைய தாள் எளிதிற் கிடைப்பதாய் இருக்கவில்லை.

ஆகவே புளொக் செய்வோர் பெரும்பாலும் மணமக்களை மட்டும், அல்லது அவர்களோடு பெற்றோரை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. குடும்பம் முழுவதும் தெரிய வேண்டுமாயின் புரோமைட்டே வழி. எமது அட்டை புரோமைட்டாகும். உருப்பெருக்குங் கண்ணாடியின் கீழ் வைத்தால் புள்ளிகள் தென்படவில்லை. கருமையும் வெண்மையும் தொடர்ச்சியாக உள்ளன. கரிய பகுதிகளின் ஓரங்களில் பழைய புகைப்படங்களுக்கே உரிய வெள்ளிப் பூச்சு மினுங்குகின்றது. பின்புறத்தை விரலால் தடவினால் ஈய எழுத்து அழுத்திய தடமும் இல்லை. ஆனால் புரோமைட்டில் பிரதி கூடக்கூடச் செலவும் அதே அளவில் கூடும். புளொக் ஒருமுறை செய்துவிட்டால் நூறு அடிப்பதற்கும் ஐந்நூறு அடிப்பதற்கும் இடையில் தாளும் மையும் கூலியுமே வேறுபாடு. எனவே முகம் தெரியும் அட்டை குறைந்த பேருக்கே போகும்; அதிகம் பேருக்குப் போகும் அட்டையில் முகங்கள் குறையும். கொப்பியில் 'ந' அடையாளம் சிலருக்கு மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

படத்தின் வலது ஓரத்தில், நிற்போர் வரிசைக்குச் சற்று அப்பால், பந்தற்காலைப் பற்றியபடி ஒரு கை தெரிகின்றது. தோளும் வேட்டியின் ஒரு பகுதியும் உண்டு; முகம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அது யாருடைய கை எனப் பெரியம்மாவிடம் வினவியபோது, அவர் அட்டையைச் சாளரத்தண்டை கொண்டுசென்று பார்த்து, 'கட்டாடியாற்ரை மகனாயிருக்க வேணும். வெள்ளை கட்டினது அவன்தான்' என்றார். பெயரைக் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

5. சுதந்திரம் பெற்றோருக்கு நன்றி இல்லை

இப்பெயரின்மையைத் தனிமனிதரின் மறதியாக அல்லது அன்பின்மையாகக் கொள்வது தவறாகும். அதற்கு ஓர் அமைப்பு உண்டு. 'சுதந்திரம்' என்ற சொல் இன்று விடுதலையைக் குறிக்கின்றது. நிலவுடைமைச் சமூகத்தில் அது பரம்பரை உரிமையையும், அவ்வுரிமையால் குடிமக்களுக்கு வைபவந்தோறும் கிடைக்கும் வரும்படியையும் குறித்தது. குடிமைத் தொழில் செய்வோர் ஒரு குறிப்பிட்ட வீட்டின் நன்மை தின்மைக்கு வந்து வேலை செய்யக் கடமைப்பட்டோர். அதற்கெனச் சுதந்திரம் பெற உரித்துடையோர். நன்றி என்பது, செய்யாமலும் விட்டிருக்கக்கூடிய ஒன்றை விரும்பிச் செய்தவருக்கு உரியது. செய்தேயாக வேண்டியவருக்கு நன்றி கூறுவது அந்த ஒழுங்கில் பொருளற்றது. மறுத்துவிடும் உரிமை உள்ளவருக்கே நன்றி பெறும் தகுதி உண்டு. விருந்தினருக்கு நன்றியும் குடிமகனுக்குச் சுதந்திரமும் என்ற இப்பாகுபாட்டில், விடுதலையைக் குறிக்கவேண்டிய சொல் அடிமைத்தனத்தின் ஊதியத்தைக் குறித்து நின்றமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

மறுக்கும் உரிமை தானாக வரவில்லை. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் தீண்டாமையைத் தண்டனைக்குரியதாக்கிற்று. ஆயினும் சட்டத்தால் மட்டும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனையடுத்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டமும் அம்மறுப்பின் வெளிப்படையான வடிவங்களாகும். வீட்டு வாசலில் நிகழ்ந்த மறுப்பு அவ்வளவு வெளிப்படையானதன்று. பறை அடிக்க மறுத்தல், வெள்ளை கட்ட மறுத்தல், கொல்லைப்புறத்தில் நின்று சோறு வாங்க மறுத்தல் என அது ஊருக்கு ஊர் வேறுபட்ட வேகத்தில் நடந்தேறிற்று. எமது கொப்பி இம்மாற்றத்தின் நடுவில் எழுதப்பட்டது. அதே குடும்பத்தின் அடுத்த திருமணக் கணக்கில் 'சுதந்திரம்' என்ற தலைப்பு இல்லை. 'பந்தல் அலங்காரம் – கூலி' என்ற பதிவும், அதன் எதிரே ஒருவரின் முழுப்பெயரும் உள்ளன. தனது உழைப்புக்கு விலைபேசத் தொடங்கியபோது அம்மனிதர் கொப்பியில் பெயர் பெற்றார். பணவுறவு மனிதரைப் பண்டமாக்குகின்றது என்பது உண்மையே. எனினும் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியத்தோடு ஒப்பிடுகையில் அது ஒரு முன்னேற்றமாகவும் அமைகின்றது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

அட்டையின் வாசகம் மட்டும் மாறவில்லை. அடுத்த திருமணத்தின் அட்டையிலும் 'பல வழிகளிலும் உதவி புரிந்தோர்' அப்படியே உள்ளனர். கூலி பெற்றவருக்கு நன்றி வேண்டியதில்லை என்ற புதிய நியாயம் பழைய நியாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுக்களைப் பெண்களின் நிலையிலோ எந்த நியாயமும் மாறவில்லை.

6. மீண்டு வந்த அட்டை

இவ்வாறு குறைபாடுகள் நிறைந்த இந்த அட்டைக்கு, அதனை அச்சிட்டோர் எதிர்பாராத ஒரு பெறுமதி பின்னாளில் ஏற்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது இக்குடும்பத்தாரும் புறப்பட்டனர். கையில் எடுத்தவை காணி உறுதிகளும் சில உடுப்புகளும். உறுதிகளோடு ஒரே பையில் கட்டிவைக்கப்பட்டிருந்த காரணத்தால் கொப்பியும் தப்பிற்று. திருமண அல்பம் வீட்டிலேயே விடப்பட்டது. திரும்பிச் சென்றபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை; அல்பமும் இல்லை. ஊரில் இருந்த உறவினருக்கு அட்டை அனுப்பப்படாமையால் அவர்களிடமும் படம் இல்லை. பல ஆண்டுகள் கழிந்து, கோலாலம்பூரில் வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானபோது, அவரது பிள்ளைகள் அவரது பெட்டியில் இருந்த அட்டையைத் தபாலில் அனுப்பிவைத்தனர். மணமகளின் தந்தைக்கு எஞ்சியுள்ள ஒரே படம் அதுவே. நெருங்கியோரை விலக்கித் தூரத்தோருக்கு அனுப்பப்பட்டமையாலேயே அது பிழைத்தது.

போரினாலும் இடப்பெயர்வினாலும் வீட்டு ஆவணங்களை இழந்த ஒரு சமூகத்தில் இத்தகைய அட்டைகள் வரலாற்று மூலங்களாகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணத் திட்டம் நினைவு மலர்களையும் சிறு வெளியீடுகளையும் சேர்த்து வருவது இவ்வகையில் போற்றத்தக்கது. ஆயினும் இவற்றைப் பயன்படுத்துவோர் சில எல்லைகளை மனங்கொள்ள வேண்டும். படத்தில் ஒருவர் இல்லாமை கொண்டு அவர் விலக்கப்பட்டார் என உடனே முடிவுகட்டலாகாது. துடக்குக் காரணமாக வராதோர் உளர். விதவைகள் தாமாகவே ஒதுங்கி நின்ற வழக்கமும் உண்டு. விடுமுறை கிடைக்காதோரும், சொத்துப் பிணக்கால் வராதோரும் உளர். அவ்வாறே வாசகத்தை மட்டும் கொண்டு அட்டை யாருக்குப் போயிற்று என அறியவும் முடியாது. அட்டையை அனுப்பிய வீட்டின் கொப்பியோ, பெற்றவரின் முகவரி எழுதிய கடிதவுறையோ இருந்தால் மட்டுமே அது புலப்படும். எனவே அட்டையின் முகப்பை மட்டும் படியெடுப்பது போதாது. பின்புறத்தில் உள்ள ஸ்ரூடியோ முத்திரை, அச்சகத்தின் பெயர், கையெழுத்து, கடிதவுறை ஆகியவற்றையும் படியெடுக்க வேண்டும்.

இவற்றினும் அவசரமானது வேறொன்று உண்டு. படத்தில் உள்ளோரை அடையாளம் காட்டக்கூடிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. அட்டையைக் கையிற் கொடுத்து, முதலில் நடுவில் இருப்போரையல்ல, ஓரத்தில் நிற்போரைக் கேட்க வேண்டும். பின்னர், படம் எடுக்கும் வேளையில் அடுக்களையில் நின்றோர் யாவர் எனக் கேட்க வேண்டும். எமது அட்டைக்குரிய 27 பேரில் 24 பேரின் பெயர்கள் இப்போது பின்னிணைப்பாக எழுதப்பட்டுள்ளன. பலகாரம் சுட்ட பெண்களுள் பெரியம்மா நினைவுகூர்ந்த ஒன்பது பேரின் பெயர்களும் அங்கு உள்ளன. பந்தற்காலைப் பற்றிய கைக்குரியவரின் குடும்பம் 1995க்குப் பின் ஊர் திரும்பவில்லை என அறிகின்றோம். அவர்கள் கிளிநொச்சிப் பக்கம் இருப்பதாக அயலவர் ஒருவர் கூறியுள்ளார். விசாரித்து வருகின்றோம். பெயர் கிடைக்கும்வரை பட்டியலில் அவருக்குரிய வரி வெறுமையாக விடப்பட்டுள்ளது.